ஒப்படைக்கப்பட்டுள்ளது

"நீங்க சொல்றது சரி சேர். முகவரிக்கு வந்திருக்கு. எங்கம்மாவுக்குத்தான் வரல்ல."

கோபமே இல்லாமல் சொன்னார் அந்தத் தம்பி. கொழும்பில் வேலை, அம்மா தோட்டத்தில். அதற்கு முன் மூன்று தடவை எழுதியிருந்தார். மூன்று தடவையும் அதே பதில்தான் போயிருக்கிறது: "தங்கள் பொதி உரிய முகவரியில் ஒப்படைக்கப்பட்டுள்ளது." பொதி அனுப்பும் கம்பனியில் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை. அந்த வசனம் நான் எழுதியது.

எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்பும் பதில்களுக்கு டெம்ப்ளேட் எழுத உட்கார்ந்தபோது பழைய முறைப்பாடுகளை எல்லாம் வாசித்துத்தான் பிரித்தேன். யாரிடமும் கேட்காமல், திரையில் இருப்பதை மட்டும் பார்த்துப் பதில் சொல்ல முடியுமா? முடிந்தால் டெம்ப்ளேட். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஆள் உட்கார்ந்து எழுத வேண்டும். பொதி எங்கே நிற்கிறது, பணம் எப்போது திரும்பும் என்பவை முதல் வகை. உடைந்து வந்தது இரண்டாம் வகை. "கிடைக்கவில்லை" என்பதை முதல் வகையில் போட்டேன். திரையில் கையொப்பம் இருக்கிறதே!

நான் இந்த மலையில் பிறந்தவன். லயத்து வீட்டுக்குத் தனி முகவரி கிடையாது, தபாலும் பொதியும் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. கையொப்பம் கிளாக்கருடையது. அவர் யாரிடமோ கொடுத்தனுப்பியிருக்கிறார். அது கீழ்ப்பிரிவில் இருக்கும் இன்னொரு லெட்சுமிக்குப் போய்விட்டது. பதினொரு நாள் கழித்து, பிரிக்காமலே திரும்பி வந்தது. "ஒப்படைக்கப்பட்டுள்ளது" என்று எழுதினால் யார் கையில் என்று சொல்ல வேண்டியதில்லை. பொய்யும் இல்லை. அந்தத் தம்பி கேட்டது யார் கையில் என்பதை மட்டும்தான்.

எங்கள் பக்க நியாயமும் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர். டெம்ப்ளேட் என்றால் இரண்டு நிமிடம். ஆபீசுக்கு எடுத்து, கிளாக்கரைப் பிடித்து, விசாரித்து எழுத அரை நாள் போகும். ஆனாலும் ஒரே ஆள் திரும்பவும் எழுதினால் முதல் பதில் பதிலே இல்லை என்று அர்த்தம். அதை நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். மூடிய முறைப்பாடுகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மாற்றினேன். வீட்டு இலக்கம் இல்லாத முகவரி என்றால் அந்த டெம்ப்ளேட் திறக்காது. பெற்றவர் பெயரைக் கேட்டு எழுத வேண்டும். வசனத்தையும் "இன்னாரிடம் கொடுத்தோம்" என்று மாற்றினேன். திரும்ப எழுதுகிறவர்கள் குறைந்தார்கள். சரிதான் என்று இருந்தேன்.

போன வாரம் வேறொரு அக்கா எழுதியிருக்கிறார். ஹட்டன் டவுனில் இருக்கும் தங்கச்சிக்கு அன்றைக்கே பதில் வந்ததாம், தோட்டத்தில் இருக்கிற தனக்கு மட்டும் ஏன் நான்கு நாள் என்று. முகவரியைப் பார்த்தேன். இலக்கம் இல்லை. என் விதி அவரை வரிசையின் கடைசியில் நிறுத்தியிருக்கிறது. பதிலை இரண்டு தடவை எழுதி அழித்தேன். இரண்டிலும் "தாமதம் ஏற்பட்டுள்ளது" என்றே வந்தது.