351 தாண்டியதற்கு இரண்டு நடை

ஓவர்டிராஃப்ட் லிமிட் ஒரு லட்சம், வட்டி ஆண்டுக்கு 12%. கணக்கு திறந்ததில் ஒரு சிக்கலும் இல்லை. சிக்கலெல்லாம் முதல் மாதம் முடிந்த பிறகுதான்.

1ஆம் தேதி 60,000 எடுத்தேன், 11ஆம் தேதி இன்னொரு 39,500. செயலியில் இருப்பு -99,500 என்றும், அதன் கீழே எடுக்கக்கூடிய தொகை 500 என்றும் காட்டியது. மைனஸைப் பார்த்து முதலில் பயந்துபோனேன். அது வங்கிக்கு நான் தர வேண்டிய கடன், அவ்வளவுதான். ஸ்டேட்மென்ட்டில் அதே தொகை Dr என்று வரும். சரி, 500 மிச்சம் இருக்கிறதே, அடுத்த மாதம் 1ஆம் தேதி 400க்கான ஆட்டோ டெபிட் போய்விடும் என்று இருந்துவிட்டேன்.

திரும்பி வந்துவிட்டது. திருப்பியதற்குக் கட்டணம் வேறு.

கவுன்டரில் இருந்தவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "லிமிட் தாண்டிடுச்சு சார், பணம் கட்டுங்க" என்றார். நான் எதுவுமே எடுக்கவில்லையே என்றேன். "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது." கையில் இருந்த 2,000க்கான காசோலையைப் போட்டுவிட்டு வந்தேன். இருப்பு உடனே லட்சத்துக்குள் வந்தது, எடுக்கக்கூடிய தொகை மட்டும் அசையவில்லை. காசோலை வசூலாகும் வரை அந்தப் பணத்தை எடுக்க முடியாது, வட்டியும் குறையாது என்று இரண்டாவது முறை போனபோதுதான் சொன்னார்கள். முதல் நாளே சொல்லியிருந்தால் ரொக்கமாகக் கட்டியிருப்பேன்.

வீட்டில் ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் புரிந்தது. ஒவ்வொரு நாள் முடிவிலும் நிற்கும் கடனுக்கு அன்றைய வட்டி கணக்காகிறது. 60,000க்கு 12%, அதை 365ஆல் வகுத்தால் நாளைக்கு 19.73, பத்து நாளுக்கு 197.26. பிறகு 99,500க்கு நாளைக்கு 32.71, இருபது நாளுக்கு 654.25. ஆக 851.51. தினமும் எண்ணினாலும் கணக்கில் பிடிப்பது மாதக் கடைசியில் ஒரே தடவைதான். அதனால் மாதம் முழுக்க அந்த 500 அப்படியே நின்றது. 30ஆம் தேதி இரவு வட்டி விழுந்ததும் இருப்பு -1,00,351.51 ஆகிவிட்டது. லிமிட்டைத் தாண்ட வைத்தது நான் எடுத்த பணம் இல்லை, வங்கியே பற்று வைத்த வட்டி!

லிமிட்டை ஒட்டி எடுப்பவர்கள் ஒரு மாத வட்டிக்காவது இடம் விட்டு வையுங்கள். ஒரு லட்சத்துக்கு இந்த விகிதத்தில் 31 நாள் மாதத்தில் ஆயிரத்துச் சொச்சம் வரும்.

இந்த நாள் கணக்கு நமக்கும் உதவும். அடுத்த மாதம் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய 50,000 மூன்று நாள் முன்னதாகவே கைக்கு வந்தது. அதை ஓவர்டிராஃப்ட் கணக்கில் போட்டு, மூன்று இரவு கழித்து எடுத்துக் கொடுத்தேன். வட்டியில் 49.32 குறைந்தது. காலையில் போட்டு மாலையில் எடுத்திருந்தால் ஒரு பைசாகூடக் குறைந்திருக்காது.