5 கிலோ லோடு செல்லுக்கு கேலிப்ரேஷன் ஃபேக்டர் கண்டுபிடிப்பது: ஏற்காட்டு மிளகுத் தட்டை வைத்து ஒரு கணக்கு

ஏற்காட்டில் பச்சை மிளகு காயக் காய எடை எப்படிக் குறைகிறது என்று பார்க்க ஒரு சின்ன தராசு செய்தோம். காய்ந்து முடிக்கும்போது பச்சை எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். அந்த இறக்கம் தட்டைக் கையால் தூக்காமலேயே தெரிய வேண்டும், அவ்வளவுதான் தேவை. 5 கிலோ பார் வகை லோடு செல் ஒன்று, HX711 மாட்யூல் ஒன்று, ஒரு ஆர்டுயினோ ஊனோ, 600 கிராம் அலுமினியத் தட்டு. இவற்றை இணைப்பது அரைமணி நேர வேலை. வரும் எண்ணை கிராமாக மாற்றும் ஃபேக்டரைச் சரியாகப் பிடிப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள்.

மாதிரி நிரல்களில் -7050 என்று ஓர் எண் எழுதியிருக்கும். அது வேறு ஒரு செல்லுக்கு, பவுண்டு கணக்கில் போட்டது. அதை வைத்துக்கொண்டு ப்ளஸ், மைனஸ் தட்டித் தட்டி 1 கிலோ காட்டும்வரை நகர்த்துவது வீண் வேலை. எந்த அளவில் எண் வரவேண்டும் என்று எடைக்கல்லைத் தொடுவதற்கு முன்பே கணக்குப் போட்டுவிடலாம்.

இந்த மலிவு பார் செல்கள், முழு எடை ஏறும்போது, கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் சுமார் 1 மில்லிவோல்ட் திருப்பித் தருபவை. HX711-இன் A சேனல் அதை 128 மடங்கு பெருக்கி, செல்லுக்குப் போகும் அதே வோல்டேஜோடு ஒப்பிட்டு, 24 பிட் எண்ணாக்குகிறது. ஆகவே:

```
0.001 × 128 × 16777216 / 5000 = 429.5
```

அதாவது ஒரு கிராமுக்குச் சுமார் 430 எண்ணிக்கை. 10 கிலோ செல்லானால் இதில் பாதி, 20 கிலோவானால் கால். செல்லின் 1 மில்லிவோல்ட் என்பது 0.15 வரை கூடலாம், குறையலாம். அதனால் 365 முதல் 494 வரை எது வந்தாலும் நம்பலாம். 40 என்றோ 2,000 என்றோ வந்தால் செல்லின் கொள்ளளவு ஸ்டிக்கரில் சொன்னது இல்லை, அல்லது வயரிங் தப்பு. இந்தக் கணக்கில் சப்ளை வோல்டேஜ் அடிபட்டுப் போவதைக் கவனியுங்கள். 5 வோல்ட்டில் எடுத்த ஃபேக்டர் 3.3 வோல்ட் போர்டிலும் அநேகமாக அப்படியே பொருந்தும். எண்ணின் நடுக்கம் மட்டும் கொஞ்சம் கூடும்.

வயரிங் சுருக்கமாக: சிவப்பு E+, கறுப்பு E-, வெள்ளை A-, பச்சை A+. எடை வைத்தால் எண் இறங்கினால் வெள்ளையையும் பச்சையையும் மாற்றிப் போடுங்கள், அல்லது ஃபேக்டரை மைனஸில் வையுங்கள், இரண்டும் ஒன்றுதான். எடை வைத்தாலும் எடுத்தாலும் எண் தன்பாட்டுக்கு அலைகிறதா? சில பச்சை நிற மாட்யூல்களில் E- பின் GND-யோடு சேர்க்கப்படாமலே வருகிறது. மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். சத்தம் வராவிட்டால் இரண்டையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பற்றவைத்துவிடலாம்.

செல்லை முடுக்கும்போது, பக்கத்தில் உள்ள அம்புக்குறி எடை அழுத்தும் திசையில், அதாவது கீழ்நோக்கி இருக்கவேண்டும். ஒரு முனை அடிப்பலகையோடும் மறுமுனை தட்டோடும் மட்டுமே ஒட்டவேண்டும். இரண்டு முனையிலும் வாஷர் வைத்து, நடுப்பகுதி எதையும் தொடாமல் தூக்கிவிடுங்கள்.

இனி எடைக்கல். 1 கிலோ சர்க்கரைப் பாக்கெட்டை வைத்து வேலையை முடித்துவிடலாம் என்று தோன்றும். பொட்டலப் பொருள் விதிகளே அந்த அளவில் 15 கிராம் வரை குறைய இடம் கொடுக்கின்றன, உறையின் எடை வேறு. அதாவது ஒன்றரை சதவீதப் பிழையை நாமே ஃபேக்டருக்குள் திணிக்கிறோம். அரை லிட்டர் பால் பாக்கெட் கன அளவுக்கு விற்பது, எடைக்கு அல்ல. தெரிந்த மளிகைக் கடையில் முத்திரை குத்திய இரும்புக் கல் கேட்டு வாங்குவது நல்லது. அடியில் ஈயம் அடைத்த குழியில் முத்திரை தெரியும். அந்த ஈயம் பெயர்ந்திருந்தால் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சேலத்தில் இன்னொரு வசதி உண்டு. கொலுசுப் பட்டறையில் வேலை பார்ப்பவர் யாராவது தெரிந்திருந்தால், அவர்களுடைய எலக்ட்ரானிக் தராசில் கையிலிருக்கும் எந்த இரும்புத் துண்டையும் நிறுத்து, எடையை அதன்மேலேயே பெயிண்டால் எழுதிக்கொள்ளலாம். வெள்ளி நிறுக்கும் தராசு நம் செல்லைவிட எவ்வளவோ நுட்பமானது. பெரிய எடை தாங்காது என்றால் துண்டு துண்டாக நிறுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு எடை வேண்டும்? நாம் நிறுக்கப்போகும் எடைக்கு அருகில் இருக்கவேண்டும். சராசரி எடுத்த பிறகும் எண் 50 முன்னே பின்னே போகும் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் கல்லை வைத்து ஃபேக்டர் எடுத்தால், 42,000 எண்ணிக்கையில் 50 பிசகு, அதுவே 2 கிலோவில் இரண்டரை கிராமாக வளர்ந்து நிற்கும். 2 கிலோ கல்லை வைத்து எடுத்தால் 8 லட்சத்துக்கு மேல் எண்ணிக்கையில் 50 எங்கேயென்றே தெரியாது. நமக்கு 500 கிராம், 1 கிலோ, 2 கிலோ என மூன்று கல் இருந்தால் போதும்.

ஃபேக்டர் எடுக்கும்போது `set_scale`, `tare` இரண்டையும் தொடாமல், மூல எண்ணை மட்டும் பார்ப்பது எங்கள் வழக்கம்.

```cpp
#include "HX711.h"
HX711 scale;

void setup() {
  Serial.begin(9600);
  scale.begin(3, 2);   // DOUT, SCK
}

void loop() {
  Serial.println(scale.read_average(20));
}
```

மாட்யூல் நொடிக்கு 10 முறை படிப்பதால் ஒவ்வொரு வரியும் இரண்டு நொடிச் சராசரி. மின்சாரம் கொடுத்து ஒரு கால்மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். செல்லும் சிப்பும் சூடேறி நிலைக்கும்வரை எண் ஒரே திசையில் மெல்ல நகரும். நகர்வு நின்றபின் காலித் தட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, கல்லைத் தட்டின் நடுவில் வைத்து, ஒரு நிமிடம் கழித்துப் படியுங்கள். அந்த ஒரு நிமிடம் எல்லாக் கல்லுக்கும் ஒரேமாதிரி இருக்கட்டும். பாரம் ஏறிய உலோகம் சில நிமிடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும்.

எங்கள் தட்டில் காலியாக 2,64,310. 500 கிராம் வைத்தபோது அதிலிருந்து 2,09,120 ஏறியது, வகுத்தால் 418.24. 1 கிலோவுக்கு 4,18,310, ஃபேக்டர் 418.31. 2 கிலோவுக்கு 8,36,540, ஃபேக்டர் 418.27. கல்லை எடுத்தபின் 2,64,385. ஆரம்ப எண்ணுக்கு 75 தள்ளி, அதாவது 0.2 கிராமுக்கும் குறைவு. மூன்றும் ஒத்துப்போகின்றன, கணக்கில் வந்த 430-க்கும் பக்கத்தில் இருக்கின்றன. 2 கிலோவுக்கு வந்த 418.27-ஐ எடுத்துக்கொண்டோம். தட்டின் 600 கிராம் இந்தக் கணக்கில் எங்கும் வராது, காலி எண்ணைக் கழிக்கும்போதே அது போய்விடுகிறது.

மூன்று கல் எதற்கு என்பது அடுத்த எண்களைப் பார்த்தால் விளங்கும். தட்டின் அடியில் ஒரு திருகு சற்றே நீட்டிக்கொண்டிருந்தால் 500 கிராமுக்கு 418.2, 1 கிலோவுக்கு 418.2, 2 கிலோவுக்கு மட்டும் 371 என்று வரும். பாரம் ஏறியதும் செல் வளைந்து, திருகு பலகையில் முட்டி, மீதி எடையைப் பலகை தாங்கிக்கொள்கிறது. 2 கிலோ கல் ஒன்றை மட்டும் வைத்து அளந்தவருக்கு 371 சந்தேகமே தராது, ஏனென்றால் அது நாம் போட்ட 365–494 எல்லைக்குள்தான் இருக்கிறது. அதை நிரலில் எழுதிவிட்டால் 2 கிலோ சரியாகக் காட்டும், 1 கிலோ 1,127 கிராம் காட்டும். பிறகு நிரலில் பிழை தேடி ராத்திரி போகும். கனமான கல்லில் ஃபேக்டர் இறங்கினால், அந்தக் கல் தட்டில் இருக்கும்போதே ஒரு விசிட்டிங் கார்டை அடியில் சுற்றிலும் செருகிப் பாருங்கள். எங்கே நுழைய மறுக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது.

ஃபேக்டர் கிடைத்தபின் வரும் பிழைகளில் பாதி ஃபேக்டருடையது அல்ல. ஏற்காட்டில் பகல் வெயிலுக்கும் விடிகாலைக் குளிருக்கும் நல்ல வித்தியாசம். வெப்பம் 10 டிகிரி மாறினால் இந்த வகைச் செல்லின் பூஜ்யம் சில கிராம் நகர்வது சாதாரணம். காலையில் 500 கிராம் கல் 503 என்றும் 2 கிலோ கல் 2,003 என்றும் காட்டினால், இரண்டிலும் அதே 3 கிராம், ஆகவே நகர்ந்தது பூஜ்யம்தான். ஃபேக்டரில் கை வைக்க வேண்டாம். 500 கிராம் 497 என்றும் 2 கிலோ 1,988 என்றும் காட்டினால் பிழை எடையோடு சேர்ந்து வளர்கிறது, அது ஃபேக்டர். பழைய ஃபேக்டரைக் காட்டிய எடையால் பெருக்கி உண்மை எடையால் வகுத்தால் புதியது வந்துவிடும்: 418.27 × 1988 / 2000 = 415.76.

சேலத்தில் அளந்த ஃபேக்டர் மலைமேல் செல்லுமா என்றும் கேட்பார்கள். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயரத்தில் 1,200 மீட்டருக்குக் குறையாது, புவியீர்ப்பு அதற்கேற்ப ஒரு துளி குறைகிறது. லோடு செல் அளப்பது கல் கீழே அழுத்தும் விசையைத்தான். 2 கிலோவில் அரை கிராமுக்கும் முக்கால் கிராமுக்கும் இடையில் குறைத்துக் காட்டும். மிளகுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மனசு கேட்காவிட்டால் கல்லை மேலே கொண்டுபோய் அங்கேயே அளந்துகொள்ளலாம்.

கடைசியாக `tare()`. எல்லா மாதிரி நிரல்களிலும் அது `setup()` உள்ளே இருக்கும். நாள் கணக்கில் மிளகு தட்டிலேயே கிடக்கும் வேலைக்கு அது ஆகாது. நடுவில் கரண்ட் போய்த் திரும்பினால், தட்டிலிருக்கும் 2 கிலோ மிளகைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். காலித் தட்டின் எண்ணை நேரடியாக எழுதிவிடுங்கள்:

```cpp
scale.set_scale(418.27);
scale.set_offset(264310);
```

இவை `setup()` உள்ளே `begin` வரிக்குக் கீழே வரவேண்டும். `loop()` உள்ளே `scale.get_units(20)` கிராமில் எடையைத் தரும். ஒவ்வொரு முறை மிளகை எடுத்துவிட்டுப் புதிதாகக் கொட்டும் முன் காலித் தட்டில் `read_average(20)` ஓடவிட்டு, 264310 இருக்கும் இடத்தில் அன்றைய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.