பூ விழுந்தால் உண்மை

“ஓட்டுக்குப் பணம் வாங்கினீர்களா?” என்று நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் “இல்லை” என்றுதான் பதில் வரும். கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் சட்டப்படி குற்றம். அதனால் உசிலம்பட்டி பக்கத்துக் கிராமங்களில் கணக்கெடுப்பு நடத்தியபோது, ஒரு நாணயத்தை அவர்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம்.

எங்களுக்குக் காட்டாமல் சுண்ட வேண்டும். தலை விழுந்தால், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் “ஆமாம்”. பூ விழுந்தால் உண்மை. 1965இல் ஸ்டான்லி வார்னர் முன்வைத்த யோசனையின் எளிய வடிவம் இது. 200 பேரில் 130 பேர் “ஆமாம்” என்றால், சுமார் 100 பேர் தலை விழுந்து சொன்னவர்கள். மீதி 30 பேர், பூ விழுந்த 100 பேரில் வாங்கியவர்கள். ஆக 30 சதவீதம். யார் வாங்கினார் என்பது எங்களுக்கும் தெரியாது.

தாளில் இது அழகான கணக்கு. திண்ணையில் ஒரு பாட்டி நாணயத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “வாங்காத காச வாங்குனேன்னு நான் ஏன் தம்பி சொல்லணும்?” அந்தக் கோபம் நியாயமானது. இந்த முறையில் வாங்கியவருக்கு மறைவு கிடைக்கிறது, வாங்காதவர் தலைமேல்தான் சந்தேகம் விழுகிறது.

அவரைப் போல 20 பேர் தலை விழுந்தும் “இல்லை” என்றால், 130 என்பது 110 ஆகிவிடும். 30 சதவீதம் 10 ஆகச் சரியும். “ஆமாம்” பாதிக்கும் நன்றாகக் கீழே, 200க்கு 80 என்று வந்தால் விதியை மீறுகிறார்கள் என்று பிடித்துவிடலாம். 110 வந்தால் எந்தத் தடயமும் இருக்காது. எனக்குப் பயம் அதில்தான்.

அதனால் இம்மாதிரிக் கேள்விக்குப் பட்டியல் முறையே மேல் என்று நினைக்கிறேன். கிராமத்தாரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கிறோம். ஒரு பாதிக்கு நான்கு விஷயங்கள்: தேர்தல் நேரத்தில் டீக்கடையில் அரசியல் பேசினேன், வேட்பாளரை நேரில் பார்த்தேன் என்பது போல. மறு பாதிக்கு அதே நான்கோடு, பணம் வாங்கினேன் என்பதும். எது எது என்று சொல்ல வேண்டாம், எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். முதல் பாதியின் சராசரி 1.9, அடுத்தது 2.2 என்றால், வித்தியாசம் 0.3, அதாவது 30 சதவீதம். யாரும் பொய்யாக ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நிகரகுவாவில் 2008 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் இப்படிக் கேட்டபோது சுமார் 24 சதவீதம் வந்தது. நேரடியாகக் கேட்டதில் 2 சதவீதத்தைச் சற்றே தாண்டியது.

ஆனால் பட்டியலைக் கவனமாகக் கட்ட வேண்டும். நான்கும் எல்லோரும் செய்கிற காரியமாக இருந்தால், “ஐந்து” என்று சொல்பவர் மாட்டிக்கொள்வார். அதற்குப் பயந்து நான்கு என்பார், கணக்குக் குறைந்துவிடும். அதனால் அநேகமாக யாருமே செய்யாத ஒன்றை, ‘வேட்புமனுத் தாக்கல் செய்தேன்’ போல, நான்கில் ஒன்றாக வைக்கிறோம். நேரடிக் கேள்வியைவிடப் பல மடங்கு ஆட்களும் வேண்டும். ஒரு சின்ன ஊருக்கு மட்டும் தனி எண் கேட்பவர்களிடம், இதை வைத்துத் தர முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.