“சரிங்க” என்றால் எதற்குச் சரி?

போச்சம்பள்ளிப் பக்கம் மா விவசாயிகள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் கம்பெனியில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. போன சீசனில் தராசு முத்திரை விஷயத்தை “பார்த்துக்கலாம்” என்றே எழுதி வைத்திருந்தேன். யாரும் பார்க்கவில்லை. முதல் லோடு பெங்களூரா ரக மாங்காய் வந்து இறங்கிய அன்று, முத்திரை காலாவதியான தராசில் எடை போட முடியாமல் வண்டியை வெளி எடைமேடைக்கு அனுப்பினோம்.

இந்த மார்ச் கூட்டத்தில் பேசியதும் வழக்கம்போல வாட்ஸ்அப் குழுவில்தான் கிடந்தது. மொத்த உரையாடலையும் கோப்பாக எடுத்து அச்சிட்டேன். தராசு பற்றிய இடம் இப்படி இருந்தது:

```
11:40 தராசு சீல் தேதி முடியுதுங்க
11:42 <Media omitted>
11:43 சரிங்க
11:43 சரிங்கண்ணா
11:51 பார்த்துக்கலாம்
```

மீடியா இல்லாமல் எடுத்தால் குரல் பதிவு கோப்பில் வராது. முடிவே அந்த 11:42 பதிவில்தான் இருந்தது. போனில் கேட்டபோது, “ரெண்டு தராசையும் நானே கொண்டுபோய் சீல் போட்டுட்டு வரேன்” என்று கொள்முதல் பார்க்கும் இயக்குநர் சொல்லியிருந்தார். அப்போதுதான் அந்த இரண்டு “சரி”க்கும் பொருள் கிடைத்தது. அதிலிருந்து ஒவ்வொரு “சரி”க்கும் மேலே ஏறிப் போய், எதற்குச் சொன்னது என்று பென்சிலில் கோடு இழுத்துவிட்டுத்தான் எழுத உட்காருகிறேன்.

யார் என்பது தெரிந்தது, எப்போது என்பதை யாரும் சொல்லவில்லை. நானாக ஒரு தேதி போடுவது தவறு என்று அவரையே கூப்பிட்டேன். கொள்முதல் மே முதல் வாரம். அதற்கு முன் மெக்கானிக் வந்து தராசைச் சரிபார்க்க வேண்டும், பிறகு கட்டணம் கட்டி முத்திரைக்குத் தேதி வாங்க வேண்டும். பின்னாலிருந்து எண்ணிப் பார்த்து ஏப்ரல் 15 என்று அவரே சொன்னார். புத்தகத்துக்கு எழுதியது இது:

“தீர்மானம் 4: கொள்முதல் மையத்தின் இரண்டு மின்னணுத் தராசுகளுக்கும் மறுமுத்திரை பெறுவது. பொறுப்பு: கொள்முதல் இயக்குநர். கெடு: ஏப்ரல் 15. முடிந்ததற்கு அடையாளம்: சரிபார்ப்புச் சான்றின் நகல் அலுவலகக் கோப்பில்.”

கடைசி வரியை நான்தான் சேர்த்தேன். “முடிச்சிட்டேன்” என்ற சொல்லை அடுத்த கூட்டத்தில் யாரும் சோதிக்க முடியாது. சான்றின் நகலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

மாங்கூழ் ஆலைக்கு என்ன விலை கேட்பது என்பதில் அறுபது வரிக்கு மேல் காரசாரமாகப் போயிருந்தது. அதில் ஒரு முடிவும் இல்லை. பெரும்பாலானோர் சாய்ந்த பக்கத்தைத் தீர்மானமாக எழுதிவிடக் கை பரபரத்தது. எழுதியிருந்தால் கூட்டம் எடுக்காத முடிவை நான் எடுத்ததாகியிருக்கும். “விவாதிக்கப்பட்டது. முடிவு எடுக்கப்படவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு” என்று மட்டும் எழுதினேன்.

இயக்குநர் கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் குறிப்பு புத்தகத்தில் ஏற வேண்டும் என்பது கம்பெனிச் சட்டம். நான் நான்காம் நாளே வரைவை எல்லோருக்கும் அனுப்பினேன். ஒரே ஒரு திருத்தம் வந்தது: “கூடை வாங்குறதுக்கு நான் பொறுப்புன்னு போட்டிருக்கீங்க, நான் விலை விசாரிக்கிறேன்னுதான் சொன்னேன்.” பதிவைத் திரும்பக் கேட்டேன். அவர் சொன்னது சரி. “விலைப்புள்ளி பெற்றுத் தருவது” என்று மாற்றிய பிறகே தலைவர் பக்கத்துக்குப் பக்கம் சுருக்கொப்பம் போட்டார்.