பல் பிடுங்கப் போன இடத்தில் தொடங்கிய கணக்கு

2018 ஜனவரியில் யாங்கோனில் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். பஞ்சை மாற்றி மாற்றி வைத்தும் அன்று இரவு முழுவதும் இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. மறுநாள் தையல் போட்ட பல் மருத்துவர், இனி என் வாயில் கை வைப்பதற்கு முன் இரத்த எண்ணிக்கை பார்த்தாக வேண்டும் என்று உறுதியாகச் சொல்லி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வந்த அறிக்கையில் பிளேட்லெட், அதாவது இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், 98 ஆயிரம் என்று இருந்தது. குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். எனக்கு அப்போது 58 வயது. காய்ச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை, கண் மஞ்சளானதும் இல்லை. ஒரு பருப்பு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டு, தினமும் ஐந்து மாடி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

தட்டணு குறைந்ததற்குக் காரணம் தேடிய பொது மருத்துவர், நான் எதிர்பாராத ஒரு கேள்வியைக் கேட்டார். எப்போதாவது இரத்தம் ஏற்றிக்கொண்டதுண்டா என்றார். உண்டு. 1987-இல் என் மகள் பிறந்தபோது இரத்தப்போக்கு நிற்காமல் இரண்டு பாட்டில் ஏற்றினார்கள். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் அந்த இரத்தத்தோடு வந்திருக்கலாம் என்றார் மருத்துவர். அந்த வைரஸ் கண்டறியப்பட்டதே 1989-இல்தான் என்பதால், அன்று அந்த இரத்தத்தை உலகில் எவராலும் இதற்காகச் சோதித்திருக்க முடியாது. ஆகவே யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. சிறு வயதில் எங்கள் ஊருக்குச் சைக்கிளில் வந்து, ஒரே கண்ணாடி ஊசியைக் கொதிநீரில் முக்கி வரிசையாக எல்லோருக்கும் குத்திவிட்டுப் போனவரையும் மருத்துவர் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார். இரண்டில் எது என்று இனித் தெரியப்போவதில்லை.

பர்மிய மொழியில் இந்த நோயின் பெயரிலேயே ஒரு பொறி இருக்கிறது. 'அத்தே யௌங் அத்தா வா' என்றால் கல்லீரல் வீங்கி உடல் மஞ்சளாவது என்று பொருள். பெயரைக் கேட்டவர்கள் எல்லோரும் என் கண்ணைத்தான் பார்த்தார்கள். மஞ்சள் இல்லையே, அப்படியானால் ஒன்றும் இராது என்றார்கள். எங்கள் அண்ணி காமாலைக்குக் கொடுப்பதுபோல் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொண்டுவந்தார். நாட்பட்ட சி வகை நோயில் கல்லீரல் ஏறக்குறையத் தீர்ந்துபோகும் நிலை வரும்வரை பெரும்பாலோருக்கு மஞ்சள் தெரிவதே இல்லை என்பதும், கீழாநெல்லியால் இந்த வைரஸ் போகாது என்பதும் எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

சோதனை இரண்டு படிகளில் நடந்தது. முதல் சோதனை, வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிரணுவைத் தேடுகிறது. அது இருந்தால், வைரஸ் எப்போதோ உடலுக்குள் வந்தது என்று மட்டுமே பொருள். ஏனென்றால் தொற்றியவர்களில் ஒரு பகுதியினர் முதல் ஆறு மாதத்துக்குள் மருந்தில்லாமலே வைரஸை விரட்டிவிடுகிறார்கள். வைரஸ் இன்னும் இருக்கிறதா என்பதை இரண்டாவது சோதனைதான் சொல்லும். அது இரத்தத்தில் வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏவை அளக்கிறது. எனக்கு மில்லிலிட்டருக்கு 11 லட்சத்துக்கு மேல் இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து என் மகள் அழுதாள். மருத்துவர் அதை ஒதுக்கிவிட்டு, வைரஸின் அளவு கல்லீரலின் சேதத்தைக் காட்டாது, சேதத்தை வேறு எண்களில் பார்க்க வேண்டும் என்றார்.

அந்த வேறு எண்கள் எல்லாம் பல ஆண்டுகளாக என் கோப்பிலேயே இருந்தன. கணக்கு எழுதுகிறவள் என்பதால் எந்தச் சீட்டையும் நான் எறிவதில்லை. கல்லீரலின் தழும்பை ஊகிக்க 'ஃபிப்-4' என்று ஒரு கணக்கு உண்டு. வயதை ஏஎஸ்டி என்னும் நொதியின் அளவால் பெருக்கி, அதைத் தட்டணு எண்ணிக்கையால் வகுத்து, பிறகு ஏஎல்டி என்னும் நொதியின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். தட்டணுவை ஆயிரங்களில் எழுத வேண்டும். 2018-இல் என் வயது 58, ஏஎஸ்டி 84, தட்டணு 98, ஏஎல்டி 64. 64-இன் வர்க்கமூலம் 8. 58-ஐ 84-ஆல் பெருக்கினால் 4872, கீழே 98-ஐ 8-ஆல் பெருக்கினால் 784. விடை 6.2. 3.25-க்கு மேல் போனாலே கடுமையான தழும்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்கிறார்கள்.

அன்று இரவு 2009-ஆம் ஆண்டுச் சீட்டை எடுத்து அதே கணக்கைப் போட்டேன். வயது 49, ஏஎஸ்டி 56, ஏஎல்டி 81, தட்டணு 171. விடை ஏறக்குறைய 1.8. 1.45-க்கும் 3.25-க்கும் நடுவில் விழுகிற எண் தீர்ப்பு எதையும் சொல்வதில்லை. ஆனால் நொதிகள் இரண்டும் அன்றைக்கே கூடுதலாக இருந்தன. அந்தச் சீட்டைப் பார்த்த ஒரு மருத்துவர் கொழுப்புக் கல்லீரல் என்று சொல்லி எண்ணெயைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மெலிந்த உடம்புக்காரிக்கு ஏன் கொழுப்பு என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே ஓர் எதிரணுச் சோதனை அன்று செய்திருந்தால் ஒன்பது ஆண்டுகள் மிஞ்சியிருக்கும் என்ற எண்ணம் இன்னும் எனக்கு ஆறவில்லை. 2009-இல் இருந்த மருந்து ஊசிதான், அதைப் பலரால் தாங்க முடியவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வதும் உண்டு.

தட்டணுவுக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு என்பதுதான் எனக்கு முதலில் புரியவில்லை. வைரஸ் இருக்கும்வரை கல்லீரலில் சிறிய அழற்சி ஓயாமல் நடக்கிறது. அது ஆறுகிற இடங்களிலெல்லாம் நார் படிகிறது. கல்லீரலின் உட்பகுதிக்கு வலி உணரும் நரம்பு இல்லாததால், இருபது முப்பது ஆண்டுகள் இது நடந்தாலும் நமக்குத் தெரிவதில்லை. நார் கூடி உறுப்பு இறுகும்போது, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் அதற்குள் வர வேண்டிய இரத்தம் வழி கிடைக்காமல் பின்னால் தேங்குகிறது. மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. என் பல் ஈறு கசிந்ததற்குக் காரணம் வயிற்றுக்குள் இருந்தது. ஃபைப்ரோஸ்கேனில் கல்லீரலின் விறைப்பு 19.6 கிலோபாஸ்கல் என்று வந்தது. சுமார் 12.5-க்கு மேல் போனால் அது சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுவதும் தழும்பேறி இறுகிய நிலை. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் சிறிய நாளப்புடைப்புகளும் தெரிந்தன.

என் வைரஸ் மூன்றாவது மரபு வகை. பர்மாவில் மூன்றும் ஆறும் அதிகம். சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராமும் வெல்பட்டாஸ்விர் 100 மில்லிகிராமும் சேர்ந்த ஒரே மாத்திரை எல்லா வகைக்கும் பொருந்தும். ஆனாலும் மூன்றாம் வகையும் சிரோசிஸும் சேர்ந்தவர்களுக்கு வெற்றி மற்றவர்களைவிடச் சற்றுக் குறைவு என்பதால், மருத்துவர் ரிபாவிரின் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்தார். மாத்திரை இந்தியாவில் உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்ட பொதுப்பெயர் மருந்து. புட்டிக்கு 28 வீதம் மூன்று புட்டிகள், மொத்தம் 84 நாள். மகளின் இரண்டு மாதச் சம்பளம் அதில் போயிற்று. தொடங்குவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி இருக்கிறதா என்று பார்த்தார்கள். அது இருந்தால், சி அடங்கும்போது பி கிளம்பிவிடக் கூடும். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னதும் வீண்போகவில்லை. புளியேப்பத்துக்காக நானாகவே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த ஒமெப்ரசோலை மருத்துவர் எடுத்துத் தனியே வைத்தார். வயிற்று அமிலம் குறைந்தால் வெல்பட்டாஸ்விர் உடலில் சரியாகச் சேராது.

இந்த மாத்திரையால் எப்படி வைரஸ் அடியோடு போகும் என்று கேட்டேன். இந்த வைரஸ் செல்லின் கருவுக்குள் போய் ஒளிந்துகொள்வதில்லை, வெளிப்பகுதியில் தன்னைத் தானே நகலெடுத்துக்கொண்டுதான் பிழைக்கிறது என்றார் மருத்துவர். சோஃபோஸ்புவிர் நகலெடுக்கும் நொதிக்குள் போலித் துண்டாகப் புகுந்து நகலைப் பாதியில் நிறுத்துகிறது. வெல்பட்டாஸ்விர் நகலெடுப்பதற்கும் புது வைரஸைக் கட்டுவதற்கும் வேண்டிய இன்னொரு புரதத்தை முடக்குகிறது. நகல் நின்றால், இருப்பவை அழிந்து தீர்ந்துபோகும்.

2018 ஏப்ரல் 2, திங்கட்கிழமை, முதல் மாத்திரை. இரண்டாம் வார முடிவில் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும் என்பதுதான் காரணம். அந்த நாள் சரியாகப் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவில் வந்து விழுந்தது. ஊரே அடைத்துக் கிடந்தது, ஆய்வகங்களும் திறக்கவில்லை. கீழே தெருவில் தண்ணீர் ஊற்றி ஆடிக்கொண்டிருக்க, நான் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன். வயதாகிவிட்டது என்று நினைத்தேனே தவிர மருந்தை நினைக்கவில்லை. ஏப்ரல் 20-இல் பார்த்தபோது 12.4 இருந்த ஹீமோகுளோபின் 9.6 ஆகியிருந்தது. மருத்துவர் ரிபாவிரினை நாளைக்கு 1000 மில்லிகிராமிலிருந்து 600-ஆகக் குறைத்தார். சோஃபோஸ்புவிரும் வெல்பட்டாஸ்விரும் சேர்ந்த பெரிய மாத்திரையை மட்டும் ஒருநாளும் விடக்கூடாது என்றார். ஜூன் 24-இல் கடைசி மாத்திரை. அடுத்த ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் தானாக ஏறிற்று.

மாத்திரை முடிந்த அன்று வைரஸ் தெரியவில்லை என்றால் அதை வெற்றியாக எண்ணுவதில்லை. மருந்தின் பிடி விட்ட பிறகும் மறைந்தே இருக்கிறதா என்று மேலும் 12 வாரம் காத்திருந்து பார்க்க வேண்டும். செப்டம்பர் 17-இல் இரத்தம் கொடுத்தேன். ஆர்என்ஏ கண்டறியப்படவில்லை என்று அறிக்கை வந்தது. 1990-இல் பிறந்த என் மகனுக்கும் அதற்குள் சோதித்துவிட்டோம். தாயிடமிருந்து குழந்தைக்குப் போவது நூறில் ஐந்தாறு பேருக்குத்தான். அவனுக்கு இல்லை, கணவருக்கும் இல்லை.

ஆனால் எதிரணு போகவில்லை, அது பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். 2020 ஜனவரியில் கண்புரை அறுவைக்குப் போனபோது இரத்தச் சோதனையில் 'சி பாசிட்டிவ்' என்று வந்தது. என்னைக் கடைசி ஆளாக நிறுத்தி வைத்தார்கள். கோப்பிலிருந்து ஆர்என்ஏ அறிக்கையை எடுத்து நீட்டிய பிறகும் அந்த வரிசை மாறவில்லை, முகங்கள் மட்டும் மாறின. அதன்பிறகு அறிக்கையின் நகல் ஒன்று கைப்பையிலேயே இருக்கிறது.

வைரஸ் போய்விட்டதே, இன்னும் எதற்கு ஸ்கேன் என்று மருமகன் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். படிந்த நாரில் கொஞ்சம்தான் கரைந்திருக்கிறது. தட்டணு 124 ஆயிரத்துக்கு ஏறியது, விறைப்பு 13-க்கு இறங்கியது, இரண்டும் இன்னும் சரியான இடத்தில் இல்லை. சிரோசிஸ் வந்த கல்லீரலில் வைரஸ் இல்லாமலும் புற்றுநோய் தோன்றலாம். அபாயம் குறைந்திருக்கிறது, அற்றுப்போகவில்லை. சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்தால்தான் வெட்டியெடுக்கவோ சுட்டழிக்கவோ முடியும் என்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றோடு போய் வயிற்று ஸ்கேனும், கல்லீரல் புற்றுநோயின் அறிகுறியைத் தேடும் ஏஎஃப்பி இரத்தச் சோதனையும் செய்துகொள்கிறேன். அந்தச் சீட்டுகளும் 2009-ஆம் ஆண்டுச் சீட்டுக்குப் பின்னால் தேதி வாரியாக அதே கோப்பில்தான் கிடக்கின்றன.