நூற்றியெட்டு டிரம்

கிருஷ்ணகிரி பக்கம் மாம்பழக் கூழ் ஆலை ஒன்றில் ஆறு சீசன் வேலை பார்த்தேன். மே கடைசியில் தொடங்கினால் ஜூலை முடியும்வரை லைன் நிற்காது. வாசலில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய டிராக்டரும் டிப்பரும் வரிசையாக நிற்கும். உள்ளே மூன்று ஷிஃப்ட் ஓடும். ஒரு ஷிஃப்ட் போய் அடுத்தது வரும்போது லாக் புக்கில் ஒரு பத்தி எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும். காலை ஷிஃப்ட் பொறுப்பு என்னுடையது. ஆறு மணிக்கு உள்ளே வந்ததும் நான் செய்யும் முதல் வேலை இரவு ஷிஃப்ட்காரர் எழுதியதைப் படித்துக் கையெழுத்துப் போடுவது.

ஒரு ஜூன் மாதக் காலையில் நான் படித்த பத்தி இது. பிறகு பல தடவை படிக்க நேர்ந்ததால் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

"இரவு 2.40 மணியளவில் கரண்ட் போனதால் பாய்லர் நின்று ஃபில்லர் தலையில் ஸ்டீம் இறங்கிய நிலையில், 12 நிமிடத்தில் ஜெனரேட்டர் போடப்பட்டு ஓட்டம் தொடரப்பட்டு, மொத்தம் 108 டிரம் பெங்களூரா நிரப்பி, பிரிக்ஸ் 15, புளிப்பு சரியாக உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

என் கண்ணில் பட்டது 108, 15, சரியாக உள்ளது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். கூழைச் சூடாக்கிக் கிருமியை ஒழித்து, ஆறவைத்து, ஏற்கெனவே கிருமிநீக்கம் செய்த பைக்குள் நிரப்பி, அந்தப் பையை டிரம்முக்குள் வைப்போம். டிரம்முக்கு 215 கிலோ. நிரப்பும் இடத்தில், அதாவது ஃபில்லர் தலையில், ஸ்டீம் இடைவிடாமல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வெளிக்காற்றில் இருக்கும் ஈஸ்ட் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். ஸ்டீம் ஒருமுறை இறங்கிவிட்டால் லைனை நிறுத்தி, அரை மணி நேரம் மறுபடி ஸ்டீம் ஏற்றிச் சுத்தமாக்கிவிட்டுத்தான் அடுத்த பையைத் தொட வேண்டும் என்பது எங்கள் ஆலை விதி. கூழ் எவ்வளவு நல்ல கூழாக இருந்தாலும் ஒரு துளி ஈஸ்ட் போனால் போதும். நாலைந்து நாளில் உள்ளே புளித்து, வாயு பிடித்து, பை உப்பிக்கொள்ளும். பிரிக்ஸ் பார்த்தால் இது தெரியவே தெரியாது. பிரிக்ஸ் என்பது சர்க்கரையின் அளவு, அவ்வளவுதான்.

ஐந்தாவது நாள் குடோனில் மூன்று டிரம்களின் மூடி மேலே தூக்கிக்கொண்டு நின்றது. டிரம் எண் 71, 80, 94. எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் பிடிபடவில்லை. அந்த ஷிஃப்டில் நிரப்பிய டிரம் முழுவதையும் நிறுத்தி வைத்தோம். மேனேஜர் லாக் புக்கைக் கொண்டுவரச் சொன்னார். படித்தார். தலையை நிமிர்த்தாமலே, "இதுலயே இருக்கேப்பா" என்றார்.

இரவு ஷிஃப்ட் அண்ணனைக் கூப்பிட்டார்கள். அவர் பாவம், "நான் எழுதி வச்சுட்டுத்தானே சார் போனேன்" என்றார். எழுதித்தான் வைத்திருந்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. நானும் படித்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன். அப்படியிருந்தும் விஷயம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச் சேரவில்லை. திட்டு என்னவோ இரண்டு பேருக்கும் சமமாகத்தான் கிடைத்தது.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தையே பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் வாக்கியத்தின் கனம் கடைசியில் வரும் முற்று வினையில்தான் இருக்கிறது. அதற்கு முன்னால் வரும் நின்று, இறங்கிய, போடப்பட்டு, நிரப்பி எல்லாம் எச்சங்கள். எச்சத்தில் வருவதை வாசிப்பவர் 'சரி, இது பின்னணி, அப்புறம் என்ன ஆச்சு' என்று தாண்டிக்கொண்டே போவார். பள்ளிக்கூடத்தில் பெயரெச்சம், வினையெச்சம் என்று மனப்பாடம் செய்தபோது இப்படி ஒரு விளைவு உண்டு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. 'ஸ்டீம் இறங்கிய நிலையில்' என்று எழுதினால், ஸ்டீம் இறங்கியது ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்த, பேசி முடித்த சங்கதி மாதிரி ஆகிவிடுகிறது. இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. கடைசி வினையை மட்டும் மறுத்துப் பாருங்கள். 'ஸ்டீம் இறங்கிய நிலையில் 108 டிரம் நிரப்பவில்லை' என்று மாற்றினாலும் ஸ்டீம் இறங்கியது அப்படியே நிற்கிறது. அதாவது அந்த வாக்கியம் அதைச் சொல்லவே இல்லை. சொல்லியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்தப் பத்தி முழுவதற்கும் இருந்த ஒரே முக்கியமான முற்று 'தெரிவித்துக்கொள்கிறேன்'. இருந்த ஒரே நாற்காலியில் மரியாதைச் சொல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 'உள்ளது' கூட 'என்பதை' என்று அதற்குள் அடங்கிவிட்டது. ஆபீஸ் தமிழில் பாதி கடிதங்கள் இப்படித்தான் இருக்கின்றன. எழுதியவர் என்ன தெரிவிக்கிறார் என்பதைவிட, தெரிவிக்கிறார் என்பதுதான் அதில் அழுத்தமாகத் தெரியும்.

மறுநாள் நான் அதையே திருத்தி எழுதி லேபில் இருந்த அக்காவிடம் காட்டினேன். எச்சம்தானே பிரச்சினை என்று எல்லாவற்றையும் வெட்டியிருந்தேன். இப்படி:

"2.40க்கு கரண்ட் போனது. பாய்லர் நின்றது. ஃபில்லர் தலையில் ஸ்டீம் இறங்கியது. 12 நிமிடத்தில் ஜெனரேட்டர் போட்டோம். ஓட்டம் தொடர்ந்தது. 108 டிரம் நிரப்பினோம். பிரிக்ஸ் 15."

அக்கா படித்துவிட்டு, "இதுல ஏழு இருக்கே தம்பி, நான் எதைப் பார்க்கணும்?" என்றார். அவர் கேட்டது நியாயம். ஏழும் ஒரே உயரத்தில் நின்றன. கரண்ட் போவது எங்களுக்கு வாரத்துக்கு நாலு தரம் நடப்பது, ஸ்டீம் இறங்குவது அப்படியில்லை. இரண்டுக்கும் ஒரே மாதிரி முற்றுப்புள்ளி வைத்திருந்தேன். எச்சம் தப்பான பொருள் இல்லை, பின்னணியைப் போட்டு வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கரண்ட் போனதும் பாய்லர் நின்றதும் அங்கேதான் இருக்க வேண்டும். மேலே வர வேண்டியது ஒன்றே ஒன்று.

அப்புறம் இரண்டாவது தடவை எழுதினேன்.

"66 முதல் 108 வரையுள்ள டிரம்களைத் தனியாக நிறுத்திவைக்கவும். 2.40க்கு கரண்ட் போய் பாய்லர் நின்றபோது ஃபில்லர் தலையில் ஸ்டீம் இறங்கிவிட்டது. லைனை மறுபடி ஸ்டெரிலைஸ் செய்யாமல் 2.52க்கு நிரப்பத் தொடங்கினோம். முதல் 65 டிரம் அதற்கு முன்பே நிரப்பியவை. பிரிக்ஸ் எல்லாவற்றிலும் 15."

எனக்கு இது பிரமாதமாகத் தெரிந்தது. படிப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. எந்த டிரம் என்ற எண்ணும் இருக்கிறது. அக்கா இரண்டு தரம் படித்துவிட்டு மூன்றாவது வாக்கியத்தில் பேனாவை வைத்தார். "தொடங்கினோம்னு முடிச்சிருக்கீங்க. செய்யலைங்கறதுதானே விஷயம்?"

தூக்கிவாரிப் போட்டது. எச்சத்தைப் பற்றி ராத்திரி முழுக்க யோசித்தவன், இருப்பதிலேயே பெரிய தப்பை 'செய்யாமல்' என்ற எச்சத்துக்குள்ளேயே மறுபடி வைத்திருக்கிறேன். ஸ்டீம் இறங்கியது விபத்து, அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஸ்டெரிலைஸ் செய்யாதது நாம் எடுத்த முடிவு. விபத்தை முற்றாக எழுதக் கை கூசவில்லை, முடிவை எழுதும்போதுதான் கை தானாகவே '-ஆமல்' போட்டிருக்கிறது. அந்த அண்ணன் அதையும் எழுதவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். 'ஓட்டம் தொடரப்பட்டு' என்பதற்கு உள்ளே அதுவும் ஒளிந்திருந்தது. யார் தொடர்ந்தார்கள் என்பதும்கூட.

கடைசியில் அந்த வாக்கியம் இப்படி ஆனது: "2.52க்கு நிரப்பத் தொடங்குமுன் லைனை மறுபடி ஸ்டெரிலைஸ் செய்யவில்லை." இப்போது தொடங்கியது பின்னணிக்குப் போய்விட்டது, செய்யாதது முற்றில் நிற்கிறது. சொற்கள் கிட்டத்தட்ட அதேதான். இடம்தான் மாறியது.

இப்படி எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். அன்று காலை ஆறு மணிக்கே அந்த 43 டிரம்மைப் பிரித்திருக்கலாம். ஒன்பது டன்னுக்குச் சற்று மேல். ஈஸ்ட் வேலையை ஆரம்பிக்குமுன் அன்றைக்கே திறந்து மறுபடி லைனில் ஓட்டியிருக்கலாம். ஐந்து நாள் கழித்து அதைச் செய்ய முடியாது. புளித்த கூழைச் சூடாக்கினால் ஈஸ்ட் சாகும், வாடை போகாது.

இதோடு முடியவில்லை. கூழ் வாங்குபவருக்கு இந்த லாட் பற்றிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆபீசில் தயாரித்த வரைவில், "மூன்று டிரம்களில் உப்பல் காணப்பட்டாலும் லாட் நல்ல நிலையில் உள்ளது" என்று இருந்தது. 'ஆலும்' ஒரு தராசு மாதிரி. அதற்கு முன்னால் வைப்பது லேசாகிவிடும், பின்னால் வைப்பது கனக்கும். "லாட் பொதுவாக நல்ல நிலையில் இருந்தாலும் மூன்று டிரம்கள் உப்பியுள்ளன" என்று திருப்பினால் அதே உண்மைகள்தான், ஆனால் வேறொரு கடிதம். வாங்குபவர் உடனே போன் செய்வார். எதை அனுப்புவது என்று ஆபீசில் அரை நாள் பேசினார்கள். இங்கே யாருக்கும் இலக்கணம் தெரியாமல் இல்லை, நன்றாகவே தெரிந்திருந்தது. எச்சத்துக்குள் விஷயம் தெரியாமல் போய் விழுவதும் உண்டு, தெரிந்தே வைப்பதும் உண்டு. வாக்கியத்தைப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கடைசியில் திருப்பிய வடிவமே போனது. மேனேஜர் மனசாட்சியோடு போராடி எடுத்த முடிவு என்று சொல்ல ஆசைதான். எப்படியும் அவர்கள் டிரம்மைத் திறந்து பார்ப்பார்கள் என்றுதான் அவர் சொன்னார்.

இரவு ஷிஃப்ட் அண்ணனுக்கு நான் எச்சம், முற்று என்றெல்லாம் பாடம் எடுக்கவில்லை. எடுத்தால் அடித்திருப்பார். "அண்ணா, காலையில நான் வந்து முதல்ல என்ன பண்ணணுமோ அதை முதல் வரியில எழுதுங்க. எதைப் பண்ணலையோ அதுக்கு முற்றுப்புள்ளி வைங்க" என்று மட்டும் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பத்துப் பதினைந்து நாள் பழைய மாதிரியேதான் எழுதினார்.

ஜூலையில் ஒரு நாள் காலை லாக் புக்கைத் திறந்தேன். "ஸ்டீம் இறங்கிவிட்டது. லைனை நிறுத்திவிட்டேன். 4.10 முதல் 4.50 வரை எதுவும் நிரப்பவில்லை. மொத்தம் 91 டிரம்தான்." அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, தனியாக, "என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்."