ஜூனியர் இன்ஜினியர், லெவல் 7: என் ரெஸ்யூமேயை மறுபடி எழுதிய அனுபவம்

மத்திய அரசுத் துறை ஒன்றின் கட்டுமானப் பிரிவில் 2012 பிப்ரவரியில் சேர்ந்தேன். பதவி ஜூனியர் இன்ஜினியர், சிவில். பன்னிரண்டு வருடம் கழித்து, 2024 தொடக்கத்தில் சென்னையில் தனியார் வேலைக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்தபோதும் பதவி அதேதான். முதல் நாற்பது நாளில் இருபதுக்கு மேற்பட்ட இடங்களுக்கு அனுப்பினேன். ஒரே ஓர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. அதுவும் இரண்டு வருட அனுபவம் கேட்கும் சைட் இன்ஜினியர் வேலைக்கு.

எங்கள் துறையிலிருந்து முன்பே வெளியேறி, ஒரு பிராஜெக்ட் மேனேஜ்மென்ட் கன்சல்டன்சியில் இருக்கும் சீனியர் அண்ணனிடம் என் ரெஸ்யூமேயைக் காட்டினேன். மேலே கொட்டை எழுத்தில் ‘ஜூனியர் இன்ஜினியர், பே லெவல் 7, எம்ஏசிபி பெற்றவர்’ என்று போட்டிருந்தேன். அவர் அதிலேயே விரலை வைத்தார்.

“தம்பி, இதைப் படிக்கிற ஹெச்ஆர் பொண்ணுக்கு லெவல் 7னா என்ன தெரியும்? ஜூனியர்னு இருக்கு, அதோட முடிச்சிடுவாங்க. நீ என்ன வேலை பார்த்தேங்கிறது எங்க இருக்கு?”

லெவல் என்பது சம்பளத்தின் அடையாளம், பொறுப்பின் அடையாளம் அல்ல. நான் லெவல் 6இல் சேர்ந்தவன். பத்து வருடம் பதவி உயர்வு இல்லாமல் இருந்ததால் எம்ஏசிபி என்ற சம்பள உயர்வுத் திட்டம் மூலம் லெவல் 7 கிடைத்தது. நாற்காலியும் வேலையும் மாறவில்லை. அதனால் ‘லெவல் 7 என்பது அசிஸ்டன்ட் மேனேஜருக்குச் சமம்’ என்று எழுதினால் அது பொய். பல துறைகளில் அசிஸ்டன்ட் இன்ஜினியரும் அதே லெவல் 7தான், ஆனால் அவர் என் மேலதிகாரி. லெவலை ரெஸ்யூமேயிலிருந்து முழுக்க எடுத்தேன். பதவிப் பெயரை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. பின்னால் சர்வீஸ் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், நான் உண்மையில் செய்ததை ஒரு வரியாகச் சேர்த்தேன்: சைட் மேற்பார்வை, அளவெடுப்பு, ஒப்பந்ததாரர் பில்லிங்.

அடுத்து வேலை விவரம். என் பழைய வரிகள் இப்படி இருந்தன: ‘எம்பி எழுதுதல், ஆர்ஏ பில் தயாரித்தல், எஸ்டிமேட் போடுதல், ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் பராமரித்தல்.’ எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் புரியும். வெளியே இருப்பவருக்கு இது ஏதோ கிளார்க் வேலை மாதிரித் தெரியும். எம்பி என்ற மெஷர்மென்ட் புக்கில் நான் எழுதும் அளவை வைத்துத்தான் ஒப்பந்ததாரருக்குப் பணம் போகும், தப்பினால் பிடித்தம் என் தலையில் என்பது அந்த வரியில் எங்கும் இல்லை.

அண்ணன் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு ரெஜிஸ்டரையும் எடுத்து, ‘இது இல்லாவிட்டால் எந்த முடிவு நின்றுபோகும்?’ என்று கேட்கச் சொன்னார். அப்படிப் பார்த்ததில் அதிகம் மாறியது, வேலைக்கு வந்த தடைகளைக் குறிக்கும் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர்தான்.

நான் பார்த்த நான்கு மாடி அலுவலகக் கட்டடத்தின் ஒப்பந்த மதிப்பு 11.4 கோடி ரூபாய். வேலை பல காரணங்களால் நின்றது. மரம் வெட்ட அனுமதி வரவில்லை, ஸ்ட்ரக்சுரல் டிராயிங் தாமதம், மழையில் அஸ்திவாரக் குழியில் தண்ணீர். ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது தீர்ந்தது, அதனால் எந்த வேலை நின்றது என்று அன்றன்றே எழுதி, ஒப்பந்ததாரரின் ஆளிடமும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். மொத்தம் 143 நாள். மரப் பிரச்சினையும் டிராயிங் தாமதமும் 25 நாள் ஒரே சமயத்தில் ஓடின. ஒரே நாளை இரண்டு முறை கணக்கில் எடுக்க முடியாது. அதைக் கழித்தால் 118 நாள். அந்தக் கணக்கை வைத்துத்தான் ஒப்பந்தத்தின் 5ஆவது கிளாஸ்படி கால நீட்டிப்பு முடிவானது, 2ஆவது கிளாஸின் தாமத இழப்பீடு போடாமல் விட்டார்கள்.

இதையே தனியாரில் டிலே அனாலிசிஸ், இஓடி எனும் கால நீட்டிப்பு மதிப்பீடு என்கிறார்கள். அதற்கென்றே ஆள் தேடுகிறார்கள். நான் அதை ‘ரெஜிஸ்டர் பராமரித்தல்’ என்று எழுதி வைத்திருந்தேன்! புதிய வரி இப்படி ஆனது: ‘11.4 கோடி ரூபாய் ஒப்பந்தத்தில் தாமதக் காரணங்களைத் தேதிவாரியாகப் பதிவு செய்து, ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நாட்களைக் கழித்து, 118 நாள் இஓடி மதிப்பீட்டைத் தயாரித்தேன்.’ ஆர்ஏ பில், ‘19 இடைக்கால பில்களுக்கான அளவெடுப்பும் சரிபார்ப்பும்’ ஆனது. ஒப்பந்தத்தில் இல்லாத வேலையான எக்ஸ்ட்ரா ஐட்டம், ‘வேரியேஷன்களுக்குச் சந்தை விலையிலிருந்து ரேட் அனாலிசிஸ்’ ஆனது.

இங்கே ஒரு தவறு செய்தேன். ஆர்வத்தில் ‘11.4 கோடி பட்ஜெட்டை நிர்வகித்தேன்’ என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். முதல் நேர்காணலை நடத்தியவர் கேட்டது அதைத்தான்: “எவ்வளவு வரைக்கும் நீங்களே அப்ரூவ் பண்ணலாம்?” உண்மையில் எதையும் அப்ரூவ் செய்யும் அதிகாரம் எனக்கு இல்லை. இஓடி, எக்ஸ்ட்ரா ஐட்டம் எல்லாமே எனக்கு மேலே முடிவாகும், என்னுடையது மதிப்பீடும் பரிந்துரையும்தான். திணறினேன், அந்த வேலை போனது. அன்றிரவே ‘நிர்வகித்தேன்’, ‘அனுமதித்தேன்’ இரண்டையும் எடுத்துவிட்டு, ‘அளந்தேன்’, ‘தயாரித்தேன்’, ‘பரிந்துரைத்தேன்’ என்று மாற்றினேன். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் தயங்கத் தேவைப்படவில்லை.

கடைசி இடறல் சம்பளம். ஆன்லைன் படிவத்தில் ‘தற்போதைய சிடிசி’, அதாவது நிறுவனம் ஒருவருக்கு வருடத்தில் செய்யும் மொத்தச் செலவு, என்ற கட்டத்தில், அரசு ஊழியர் பழக்கப்படி பேசிக்கை வைத்து 6.06 லட்சம் என்று போட்டு வந்தேன். அது பாதிகூட இல்லை. அப்போது என் பேசிக் 50,500. 2024 ஜனவரி முதல் டிஏ 50 சதவீதம், ஆக 25,250. சென்னைக்கு ஹெச்ஆர்ஏ 30 சதவீதம், 15,150. போக்குவரத்துப் படி டிஏயோடு 5,400. மாதம் 96,300, வருடத்துக்கு 11,55,600. இதோடு என்பிஎஸ் ஓய்வூதியக் கணக்கில் அரசு போடும் பங்கு உண்டு, பேசிக்கும் டிஏயும் சேர்ந்த தொகையில் 14 சதவீதம், மாதம் 10,605. தனியாரில் நிறுவனம் கட்டும் பிஎஃப் சிடிசியில் சேர்கிறது என்றால் இதுவும் சேர வேண்டும். மொத்தம் 12.83 லட்சம். மருத்துவ வசதிக்கு நான் மதிப்பு போடவில்லை, காகிதத்தில் காட்ட முடியாததைப் போடக் கூடாது. மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் சம்பளச் சீட்டிலோ படிவம் 16இலோ ஆதாரம் உண்டு. அந்தக் கணக்கை அரைப் பக்கத்தில் தட்டச்சு செய்து தயாராக வைத்துக்கொண்டேன்.

மறுபடி எழுதிய ரெஸ்யூமேயை ஒன்பது இடங்களுக்கு அனுப்பினேன், நான்கு அழைப்பு வந்தது. ஒரு கன்சல்டன்சியில் காண்ட்ராக்ட்ஸ் பிரிவில் சேர்ந்தேன். ஹெச்ஆர் பெண் என் அரைப் பக்கத்தைச் சம்பளச் சீட்டோடு வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு மாதம் கழித்துப் பின்னணிச் சரிபார்ப்பு வந்தபோது, பழைய ஆபீஸ் கொடுத்த சான்றிதழில் இருந்ததும் ஜூனியர் இன்ஜினியர் (சிவில்), என் ரெஸ்யூமேயில் இருந்ததும் ஜூனியர் இன்ஜினியர் (சிவில்).